வேலை நாள் கணக்கு: நோட்டீஸ் காலமும் திட்டக் கெடுவும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ராஜினாமா கடிதங்களும் திட்ட அட்டவணைகளும் ஒரே மேசைக்கு வந்து சேரும் வேலை என்னுடையது. "கடைசி நாள் என்றைக்கு?" என்று கேட்டு வராத வாரம் கிடையாது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினால் பெரும்பாலும் ஒரு நாள் வித்தியாசம் வரும். அந்த ஒரு நாள் எங்கிருந்து முளைக்கிறது என்று காட்டத்தான் இந்தப் பக்கம். என்னிடம் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் வரும் நாட்கள் எல்லாம் 2026 காலண்டர்ப்படி.

வேலை நாள்னா எதை எதைக் கழிக்கணும்?

இரண்டைக் கழிக்க வேண்டும்: வார விடுமுறை, உங்கள் அலுவலகம் அறிவித்த விடுமுறைப் பட்டியலில் உள்ள நாட்கள். அவ்வளவுதான். நீங்கள் சொந்தமாக எடுக்கும் லீவு இதில் சேராது. அன்றைக்கு நீங்கள் வரவில்லை, ஆனால் அலுவலகத்துக்கு அது வேலை நாள்தான்.

பட்டியலில் உள்ள விடுமுறை சனி, ஞாயிறில் விழுந்தால் அதை மறுபடி கழிக்கக் கூடாது. வார விடுமுறையாக ஏற்கெனவே போய்விட்ட நாள் அது. கையால் எண்ணுபவர்கள் "பட்டியலில் ஐந்து விடுமுறை இருக்கிறது, ஐந்தைக் கழித்தேன்" என்று சொல்லும்போது நான் முதலில் கேட்பது, அதில் எத்தனை சனி, ஞாயிறு என்பதைத்தான்.

நோட்டீஸ் பீரியட் 30 நாள்னு போட்டிருக்கு. அது வேலை நாளா, காலண்டர் நாளா?

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் முடிவு. "வேலை நாட்கள்" என்ற சொல் அங்கே இல்லாமல் வெறுமனே "30 நாட்கள்" என்று இருந்தால், காலண்டர் நாள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். "ஒரு மாதம்" என்று இருந்தால் அது வேறு கணக்கு. மாதத்துக்கு 28 முதல் 31 நாட்கள் வரை இருப்பதால் அதை 30 என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டுக்கும் இடைவெளி சின்னதல்ல. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 30 வேலை நாள் என்பது ஆறு முழு வாரம், அதாவது 42 காலண்டர் நாள். நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் நீளும். அதனால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே எந்த நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கடிதம் கொடுத்த நாளையும் சேர்த்து எண்ணணுமா?

தகராறு பிறக்கும் இடம் இதுதான், அதனால் ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். புதன்கிழமை, மார்ச் 4 அன்று கடிதம் கொடுக்கிறீர்கள். நோட்டீஸ் 15 வேலை நாள். சனி, ஞாயிறு விடுமுறை. அலுவலகப் பட்டியலில் மார்ச் 19, வியாழன் ஒன்று, மார்ச் 21, சனி ஒன்று.

கடிதம் கொடுத்த நாளை விட்டுவிட்டு எண்ணுவோம். 5, 6 தேதிகள் இரண்டு நாள். 9 முதல் 13 வரை ஐந்து, ஆக ஏழு. 16, 17, 18 மூன்று, ஆக பத்து. 19 விடுமுறை. 20 வெள்ளி பதினொன்று. 23, 24, 25, 26 நான்கு நாள், ஆக பதினைந்து. கடைசி நாள் மார்ச் 26, வியாழன். மார்ச் 21 சனிக்கிழமை என்பதால் அந்த விடுமுறைக்கு இந்தக் கணக்கில் வேலையே இல்லை. கடிதம் கொடுத்த நாளையும் சேர்த்தால் 4ஆம் தேதியே முதல் நாள், கடைசி நாள் மார்ச் 25 ஆகிவிடும்.

இரண்டில் எது சரி என்பதை எண்கணிதம் சொல்லாது, ஒப்பந்தத்தின் வாசகம்தான் சொல்லும். "கடிதம் கிடைத்த மறுநாள் முதல்", "கடிதம் கிடைத்த நாளிலிருந்து" என்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுமே இல்லையென்றால் கொடுத்த நாளை விட்டுவிட்டு எண்ணச் சொல்வேன். பாதி நாள் ஓடிய பிறகு கொடுத்த கடிதத்துக்கு அந்த நாளை முழு நாளாக எண்ணுவது மறுதரப்புக்கு நியாயமாகப் படாது. நான் முன்பு வேலை செய்த ஓர் அலுவலகத்தில் இதைப் பேசித் தீர்க்காமல் விட்டதால், ஒருவருடைய கணினி அனுமதி அவர் எண்ணி வைத்திருந்ததற்கு ஒரு நாள் முன்பே முடங்கிப் போனது. ஒப்படைக்க வேண்டிய கோப்புகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அன்றிலிருந்து விலகல் பதில் கடிதத்தில் நாள் எண்ணிக்கையோடு கடைசித் தேதியையும், அது என்ன கிழமை என்பதையும் எழுதாமல் நான் விடுவதில்லை.

கம்ப்யூட்டர் பக்கத்துல இல்ல. கையால சீக்கிரமா எண்ண வழி இருக்கா?

இருக்கிறது. முதலில் மொத்தக் காலண்டர் நாட்களை எடுங்கள், ஏழால் வகுங்கள். முழு வாரம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வேலை நாள். மிச்சம் நிற்கும் ஒன்றிரண்டு நாட்களை மட்டும் கிழமை பார்த்து எண்ணுங்கள். கடைசியில், திங்கள் முதல் வெள்ளிக்குள் விழும் விடுமுறைகளை மட்டும் கழியுங்கள்.

மேலே உள்ள கணக்கிலேயே பார்ப்போம். மார்ச் 5 முதல் 26 வரை, இரண்டு முனையும் சேர்த்து 22 நாள். மூன்று வாரமும் ஒரு நாளும். மூன்று வாரத்துக்கு 15, மிச்சமுள்ள ஒரு நாள் 26, வியாழன், வேலை நாள், ஆக 16. மார்ச் 19ஐக் கழித்தால் 15. இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாட்களைக் காணக் கழித்தல் போடும்போது ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள். 26இல் 5 போனால் 21, ஆனால் நாட்கள் 22.

எக்செல்ல எந்த ஃபார்முலா போடணும்?

இரண்டு இருக்கிறது. இரண்டு தேதிகளும் தெரியும், நடுவில் எத்தனை வேலை நாள் என்று தெரிய வேண்டுமென்றால் NETWORKDAYS. ஒரு தேதியும் நாள் எண்ணிக்கையும் தெரியும், முடியும் தேதி வேண்டுமென்றால் WORKDAY. A2இல் தொடக்கத் தேதி, B2இல் முடியும் தேதி, C2இல் நாள் எண்ணிக்கை, H பத்தியில் விடுமுறைகள் என்று வைத்துக்கொண்டால்:

```
=NETWORKDAYS(A2, B2, $H$2:$H$30)
=WORKDAY(A2, C2, $H$2:$H$30)
```

கூகுள் ஷீட்ஸிலும் லிப்ரேஆபிஸிலும் இவை இதே பெயரில் உண்டு. WORKDAY போட்ட கட்டத்தில் தேதிக்குப் பதில் 46107 என்ற மாதிரி ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்செல் தேதிகளை எண்ணாகத்தான் வைத்திருக்கிறது, கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் போதும்.

டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாமல் ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் விடுமுறைப் பட்டியலும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகரும். பத்தாவது வரிசைக்குப் போகும்போது பட்டியலின் முதல் சில விடுமுறைகள் கணக்கிலேயே இருக்காது. பிழைச் செய்தியும் வராது.

WORKDAYல 15 நாள் போட்டு வந்த தேதியை NETWORKDAYSல சரிபார்த்தா 16னு வருது. எது தப்பு?

இரண்டுமே தப்பில்லை. NETWORKDAYS தொடக்க நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்து எண்ணும். WORKDAY தொடக்க நாளை எண்ணாது, மறுநாளிலிருந்து தொடங்கும். மார்ச் 4க்கு WORKDAY போட்டால் மார்ச் 26 வரும். அதே இரண்டு தேதிகளை NETWORKDAYSக்குக் கொடுத்தால் 4ஆம் தேதியும் சேர்ந்து 16 ஆகிறது. கொடுத்த நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று மேலே பார்த்த அதே வழக்கை இந்த இரண்டு ஃபார்முலாக்களும் ஆளுக்கொரு பக்கமாகத் தீர்த்து வைத்திருக்கின்றன.

அப்போ விடையில ஒண்ணைக் கூட்டியோ கழிச்சோ போட்டா சரியாயிடும்ல?

பாதி நேரம் சரியாகும், அதனால்தான் ஆபத்து. தொடக்க நாள் வேலை நாளாக இருந்தால் ஒன்றைக் கழிப்பது சரி. அது சனிக்கிழமையாக இருந்தால்? மார்ச் 7, சனி அன்று மின்னஞ்சல் போகிறது, மார்ச் 13, வெள்ளி வரை எண்ணுகிறோம். NETWORKDAYS 5 என்று சொல்லும். சனி எப்படியும் எண்ணப்படவில்லை. அதிலும் ஒன்றைக் கழித்தால் 4 ஆகி, உண்மையான ஒரு வேலை நாள் காணாமல் போகும்.

விடையில் கை வைக்காமல் தேதியில் கை வையுங்கள். தொடக்க நாளை விட்டு எண்ண NETWORKDAYSக்கு மறுநாளைக் கொடுங்கள். தொடக்க நாளைச் சேர்த்து எண்ண WORKDAYக்கு முந்தின நாளைக் கொடுங்கள்:

```
=IF(B2>A2, NETWORKDAYS(A2+1, B2, $H$2:$H$30), 0)
=WORKDAY(A2-1, C2, $H$2:$H$30)
```

முதல் வரியில் IF எதற்கென்றால், இரண்டு தேதியும் ஒன்றாக இருக்கும்போது A2+1 என்பது B2ஐத் தாண்டிவிடும். தேதிகள் தலைகீழானால் NETWORKDAYS எதிர்மறை எண்ணைக் கொடுக்கும். 0 வர வேண்டிய இடத்தில் -2 என்று வந்து நிற்கும்.

எங்க ஆபீஸ்ல சனிக்கிழமை வேலை உண்டு. ஆனா ரெண்டாவது, நாலாவது சனி லீவு. இதுக்கு என்ன பண்றது?

NETWORKDAYS சனியையும் ஞாயிறையும் எப்போதும் கழித்துவிடும், அதை மாற்ற முடியாது. NETWORKDAYS.INTL, WORKDAY.INTL என்று இன்னொரு ஜோடி இருக்கிறது. அவற்றில் எந்தக் கிழமை விடுமுறை என்று நாமே சொல்லலாம். ஞாயிறு மட்டும் விடுமுறை என்றால் 11 என்ற எண், வெள்ளியும் சனியும் என்றால் 7. ஏழு எழுத்துச் சரமாகவும் கொடுக்கலாம். திங்களில் தொடங்கி, வேலை நாளுக்கு 0, விடுமுறைக்கு 1. "0000001" என்றால் ஞாயிறு மட்டும்.

இரண்டாவது சனி, நான்காவது சனி என்பதற்குத் தனி எண் கிடையாது. அதற்கு வழி, ஞாயிறு மட்டும் விடுமுறை என்று வைத்துக்கொண்டு, லீவு விடும் சனிக்கிழமைகளை விடுமுறைப் பட்டியலிலேயே தேதியாகச் சேர்த்துவிடுவது. F2இல் மாதத்தின் முதல் தேதி இருந்தால், அந்த மாதத்தின் இரண்டாவது சனியும் நான்காவது சனியும் இப்படி வரும்:

```
=F2+14-WEEKDAY(F2)
=F2+28-WEEKDAY(F2)
=NETWORKDAYS.INTL(A2, B2, 11, $H$2:$H$60)
```

மார்ச் 1 ஞாயிறு, அதற்கு WEEKDAY 1. ஆக 14ஆம் தேதியும் 28ஆம் தேதியும். காலண்டரைப் பார்த்தால் இரண்டும் சனிதான். பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு முறை போட்டு ஒட்டிவிட்டால் வருடம் முழுக்கக் கவலையில்லை.

அரை நாள் லீவு விட்டா?

இந்த ஃபார்முலாக்களுக்கு அரை நாள் தெரியாது. நோட்டீஸ் கணக்கில் அதை முழு வேலை நாளாகவே விட்டுவிடுங்கள். வேலை அளவைத் திட்டமிடும்போது மட்டும், அந்த இடைவெளியில் வரும் ஒவ்வொரு அரை நாளுக்கும் விடையிலிருந்து 0.5 கழியுங்கள்.

விடுமுறைப் பட்டியல் கொடுத்திருக்கேன், ஆனாலும் கழிக்கவே மாட்டேங்குது. ஏன்?

பத்துக்கு ஒன்பது தடவை பட்டியலில் இருப்பது தேதியாக இல்லை, அல்லது வேறு தேதியாக இருக்கிறது. நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதிப் பழகியவர்கள். கணினி மாதத்தை முதலில் எதிர்பார்க்கும்படி அமைந்திருந்தால், 05/03/2026 என்று தட்டிய மார்ச் 5 அதற்கு மே 3 ஆகிவிடும். மே 3 ஞாயிறு. ஆக மார்ச்சில் கழிய வேண்டிய விடுமுறை கழியவில்லை, மே மாதத்திலும் ஒன்றும் மாறவில்லை. தடயமே இல்லாமல் ஒரு விடுமுறை மறைந்துபோகும். 19/03/2026 என்று தட்டினால் 19ஆவது மாதம் இல்லாததால் அது வெறும் எழுத்தாகவே நின்றுவிடும்.

கண்டுபிடிக்கப் பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள்:

```
=ISNUMBER(H2)
=TEXT(H2, "dddd")
```

முதலாவது FALSE என்று காட்டினால் அது எழுத்து. இரண்டாவது கிழமையைச் சொல்லும். வியாழன் என்று உங்களுக்குத் தெரிந்த விடுமுறைக்கு ஞாயிறு என்று வந்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன. DATE(2026,3,5) என்று போட்டால் எந்த அமைப்பிலும் குழப்பம் வராது.

திட்டம் அடுத்த வருஷம் வரைக்கும் போகுது. இதே ஷீட்டை வைக்கலாமா?

பட்டியலில் அடுத்த வருட விடுமுறைகளும் இருந்தால் வைக்கலாம். இல்லையென்றால் ஃபார்முலா புகார் சொல்லாது. அடுத்த வருடத்தில் விடுமுறையே இல்லை என்று நினைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும், நீங்களும் முடிக்க முடியாத தேதிக்கு ஒப்புக்கொள்வீர்கள். நான் எல்லா ஷீட்டிலும் ஒரு கட்டத்தில் இதைப் போட்டு வைப்பது வழக்கம்:

```
=IF(B2>MAX($H$2:$H$30), "பட்டியல் போதாது", "")
```

அடுத்த வருடப் பட்டியல் இன்னும் வரவில்லை என்றால், கெடுவைச் சொல்லும்போதே "விடுமுறைப் பட்டியல் வந்ததும் மாறலாம்" என்று எழுதிவிடுங்கள்.

கடைசி நாள் ஞாயித்துக்கிழமையில விழுந்தா முன்னாடி நாளா, அடுத்த நாளா?

வேலை நாளாக எண்ணினால் இந்தச் சிக்கலே வராது, WORKDAY விடுமுறையில் போய் நிற்காது. காலண்டர் நாளாக எண்ணும்போதுதான் வரும். மார்ச் 6இல் கொடுத்த கடிதத்துக்கு 30 காலண்டர் நாள் என்றால் ஏப்ரல் 5, ஞாயிறு. அந்த நாட்கள் உங்கள் விடுமுறைப் பட்டியலில் இல்லையென்றால், அடுத்த வேலை நாள் ஏப்ரல் 6, முந்தின வேலை நாள் ஏப்ரல் 3. எது என்பது இங்கேயும் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். ஃபார்முலா இரண்டுக்கும் உண்டு, D2இல் அந்தக் காலண்டர் தேதி:

```
=WORKDAY(D2-1, 1, $H$2:$H$30)
=WORKDAY(D2+1, -1, $H$2:$H$30)
```

ஒரு நாள் பின்னால் போய் ஒரு வேலை நாள் முன்னால் வருகிறது முதல் வரி. D2 வேலை நாளாக இருந்தால் D2வையே தரும், விடுமுறையாக இருந்தால் அடுத்ததைத் தரும். இரண்டாவது வரி அதையே எதிர்த் திசையில் செய்கிறது.

டெலிவரி தேதி முடிவாயிடுச்சு. டெஸ்டிங்கை எப்போ ஆரம்பிக்கணும்னு பின்னாடி எண்ணுவது எப்படி?

நாள் எண்ணிக்கையை எதிர்மறையாகக் கொடுங்கள். டெலிவரி ஏப்ரல் 30, வியாழன். அதற்கு முன் பத்து முழு வேலை நாள் சோதனை நடக்க வேண்டும், இடையில் விடுமுறை இல்லை. WORKDAY(B2,-10) ஏப்ரல் 16ஐக் கொடுக்கும். 16ஆம் தேதி காலையில் தொடங்கினால் 29ஆம் தேதி மாலைக்குள் பத்து நாள் முடிந்து, 30ஆம் தேதி டெலிவரிக்கு மட்டும் மிஞ்சும்.

30ஆம் தேதியே சோதனையின் பத்தாவது நாள் என்றால் WORKDAY(B2+1,-10), அது ஏப்ரல் 17. விடையில் கூட்டாமல் தேதியை நகர்த்தும் அதே உத்திதான்.

பைதான்ல எண்ணினா எக்செல்லைவிட ஒண்ணு குறைவா வருது. நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எந்த முனையை விடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பைதானின் NumPy நூலகத்தில் உள்ள busday_count தொடக்க நாளை எண்ணும், கடைசி நாளை எண்ணாது.

```
import numpy as np
np.busday_count('2026-03-04', '2026-03-26', holidays=['2026-03-19'])
```

இது 15 தரும். தொடக்க நாளை விட்டுக் கடைசி நாளைச் சேர்த்தாலும் 15தான் வருகிறது என்பதால் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மார்ச் 7 சனி முதல் 13 வெள்ளி வரை கொடுத்துப் பாருங்கள், 4 வரும். நமக்கு வேண்டியது 5. இரண்டு தேதிகளுக்கும் ஒவ்வொரு நாள் கூட்டிக் கொடுத்தால், அதாவது 8 முதல் 14 வரை, 5 வந்துவிடும்.

ரெண்டு டீமுக்கு வேற வேற வார லீவு. கெடுவை யாரோட காலண்டர்ல எண்ணணும்?

இருவரும் சேர்ந்து உட்கார வேண்டிய வேலையென்றால் இருவருக்கும் பொதுவான நாட்களை மட்டும் எண்ணுங்கள். ஒரு டீமுக்கு வெள்ளி, சனி, இன்னொன்றுக்குச் சனி, ஞாயிறு என்றால் சரம் "0000111". வாரத்துக்கு நான்கு நாள்தான் மிஞ்சும். விடுமுறைப் பட்டியலிலும் இரண்டு டீமின் விடுமுறைகளும் இருக்க வேண்டும்.

ஒருவர் முடித்து மற்றவரிடம் கொடுக்கும் வேலையென்றால் அப்படிச் செய்தால் நாட்களை வீணாக்குவீர்கள். முதல் டீமின் பகுதியை அவர்கள் காலண்டரில் எண்ணி முடியும் தேதியைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அந்தத் தேதியை இரண்டாவது டீமின் WORKDAY.INTLக்குத் தொடக்கமாகக் கொடுங்கள். WORKDAY போலவே இதுவும் தொடக்க நாளை எண்ணாது என்பதால், கைமாறிய மறுநாளிலிருந்து கணக்கு ஓடும். பெரும்பாலும் நமக்கு வேண்டியதும் அதுதான்.

நடுவுல திடீர்னு ஒரு விடுமுறை அறிவிச்சுட்டாங்க. ஏற்கெனவே சொன்ன கடைசி நாள் மாறுமா?

ஷீட்டில் தானாக மாறிவிடும், பிரச்சினையே அதுதான். மார்ச் 4 கணக்கில், மார்ச் 24ஐயும் விடுமுறையாக அறிவித்துப் பட்டியலில் சேர்த்த நொடியில் 26 என்பது 27 ஆகிறது. ஆனால் விலகுபவருக்குக் கொடுத்த கடிதத்தில் 26தான் இருக்கிறது. அதை நம்பி அவர் புது வேலைக்குத் தேதி சொல்லியிருப்பார்.

அதனால் இரண்டு பத்தி வைக்கிறேன். ஒன்றில் ஃபார்முலா. இன்னொன்றில் எழுத்தில் உறுதி சொன்ன தேதி, ஃபார்முலா இல்லாமல் வெறும் மதிப்பாக ஒட்டியது. இரண்டும் வேறுபட்டால் அந்த வரிசை நிறம் மாறும்படி செய்திருக்கிறேன். நோட்டீஸ் என்றால் உறுதி சொன்ன தேதியை மாற்ற மாட்டேன், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஒழிய. திட்டக் கெடு என்றால் புதுத் தேதியை அன்றைக்கே எல்லோருக்கும் எழுதிவிடுவேன்.